ஹப்: ‘மையம்’ அல்ல, இடைமாற்றி

“இந்தச் சாதனத்திற்கு மையம் தேவை.” ஸ்மார்ட் பல்பின் பெட்டியிலும் செயலியிலும் ஹப் என்ற சொல்லைத் தமிழாக்கும் இந்த வரி இனியும் வேண்டாம். இதைப் படிப்பவர் சேவை மையத்தைத் தேடுவார், அல்லது செயலிக்குள் ‘கட்டுப்பாட்டு மையம்’ என்ற பக்கத்தைத் துழாவுவார். தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும் என்பது அவருக்கு எங்கே புரியும்?

ஆங்கிலத்தில் ஹப் என்பது சக்கரத்தின் நடுக்கட்டை, நம் வண்டிக்குடம். ஆரக்கால்கள் வந்து சேரும் இடம் என்பதால் பல கம்பிகள் கூடும் பெட்டிக்கும் அந்தப் பெயர் வந்தது. சொல்லின் கதை இவ்வளவுதான். ‘குடம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களின் ஆசை புரிகிறது. ஆனால் பல்புக்குக் குடம் தேவை என்றால் சிரிப்புதான் வரும்.

வீட்டில் இந்தக் கருவி நடுவில் உட்கார்ந்திருப்பது அதன் வேலை அல்ல. ஸிக்பீ என்ற வானலை முறையில் பேசும் பல்புக்கும் வைஃபையில் பேசும் நம் கைபேசிக்கும் இடையில் நின்று, ஒன்றின் பேச்சை மற்றதற்கு மாற்றித் தருவதே அதன் வேலை. அதனால் ‘இடைமாற்றி’ என்கிறேன். மின்மாற்றி எல்லார் வாயிலும் புழங்கும் சொல், அதே அச்சில் வார்த்த இது யாரையும் உறுத்தாது.

‘மையம்’ கட்சியினர், பல சாதனங்கள் அதில் கூடுகின்றனவே என்பார்கள். கூடட்டும். ஒரே ஒரு பல்பு இருந்தாலும் அந்தக் கருவி தேவைதானே? இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இதே கருவியை ஒரு நிறுவனம் ஹப் என்கிறது, இன்னொன்று பிரிட்ஜ் என்கிறது, மூன்றாவது கேட்வே என்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் புரட்டி மையம், பாலம், நுழைவாயில் என்று மூன்று பொருள்களாக்கிவிட்டார்கள். வேலை ஒன்று, சொல்லும் ஒன்றாக இருந்தால் போதும். அமேசானின் சில எக்கோ ஒலிபெருக்கிகளுக்குள்ளேயே ஸிக்பீ இடைமாற்றி இருக்கிறது. ‘ஒலிபெருக்கியில் மையம் உள்ளது’ என்று எழுதிப் பாருங்கள், சொல்லின் கோணல் தெரியும்.

இடைமாற்றி தேவையா என்ற குழப்பம் புகைப்படத்தை வைத்து “இது என்ன பல்பு, எந்தச் செயலி?” என்று கேட்பவர்களிடம் பளிச்சென்று தெரிகிறது. அவர்கள் அனுப்புவது எரியும் பல்பின் வெள்ளைக் குமிழ். எல்லாக் குமிழும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வடிவத்தை வைத்துத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் வேறு பிராண்டு. படம் எடுக்க வேண்டியது மின்சாரத்தை நிறுத்தி, ஆறியபின் கழற்றிய பல்பின் கழுத்தை. பிளக் என்றால் முள் இருக்கும் முகத்தை, வீடியோ அழைப்புமணி என்றால் சுவரிலிருந்து கழற்றிய பின்புறத்தை.

கழுத்தில் பிராண்டு அழிந்து, மாதிரி எண்ணும் பாதி போய், FCC ID மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யிடம் விற்பனைக்கு ஒப்புதல் பெற்ற வானலைச் சாதனங்களில் இது இருக்கும். அந்த எண்ணை எஃப்.சி.சி.யின் தேடுபக்கத்தில் இட்டால் விண்ணப்பித்த நிறுவனமும், ஒப்புதல் தாளில் அலைவரிசையும் வரும். 2412 முதல் 2462 மெகாஹெர்ட்ஸ் என்றால் வைஃபை, இடைமாற்றி வேண்டாம். 2402 முதல் 2480 என்றால் புளூடூத். 2405 முதல் 2480 என்றால் ஸிக்பீயாக இருக்க வாய்ப்பு அதிகம், இடைமாற்றி இல்லாமல் செயலியில் தலைகீழாக நின்றாலும் பல்பு கிடைக்காது. 2402க்கும் 2405க்கும் வித்தியாசம் மூன்றுதான், அவசரத்தில் கண் தவறவிடும். திரெட் என்ற முறையும் 2405–2480இலேயே இயங்குகிறது. பல நிறுவனச் சாதனங்களும் சேர்ந்து இயங்க வகுத்த மேட்டர் என்ற பொதுத் தரத்தின் சின்னமோ, MT: என்று தொடங்கும் கியூஆர் குறியீடோ இருந்தால் திரெட்டையும் யோசிக்க வேண்டும். அதற்குத் தேவை திரெட் பேசும் இடைமாற்றி, ஸிக்பீ மட்டும் பேசுவது உதவாது. ஒரே சாதனத்தின் தாளில் இரண்டு அலைவரிசைகள் இருக்கலாம். வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்து வந்தால் புளூடூத் முதல் இணைப்புக்கு மட்டும் என்பதே வழக்கம்.

விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் பெட்டியில் இருந்த பிராண்டாக இல்லாவிட்டால் பதற வேண்டாம். ஒரே தொழிற்சாலைப் பொருளைப் பல பிராண்டுகள் தம் பெயரில் விற்கும். செயலியைக் கண்டுபிடிக்க அந்தத் தாளோடு இணைந்த பயன்பாட்டுக் கையேட்டைத் திறக்க வேண்டும். செயலியின் பெயர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ‘அலெக்ஸாவுடன் இயங்கும்’ என்ற முத்திரையைப் பார்த்து இடைமாற்றி வேண்டாம் என்று முடிவு செய்வது ஒன்று. அந்த முத்திரை குரல் கட்டளையைப் பற்றியது, வானலையைப் பற்றியது அல்ல. பல்பு மின்னுவதைப் பார்த்து வைஃபை என்று நினைப்பது மற்றது. இணைப்புக்குக் காத்திருக்கும் ஸிக்பீ பல்புகளும் மின்னும்.

படத்தை யாருக்காவது அனுப்பும் முன் கியூஆர் குறியீட்டையும் அருகிலுள்ள 8 அல்லது 11 இலக்க எண்ணையும் விரலால் மறைத்துவிடுங்கள். சாதனத்தை இணைப்பதற்கான சாவி அது. FCC ID தெரிந்தால் கெடுதல் இல்லை.