ஓய்விலும் வேகமாகத் துடிக்கும் இதயம்: காரணம் தேடும் வழி

வேலைக்கான உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வரும் இளம்பெண்களில் சிலருக்கு, வேறு எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருப்பதைப் பார்க்கிறோம். கோத்தகிரி போன்ற ஊரில் இதற்கு வீட்டார் ஆயத்தமாக ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்: மேடேறி வந்த மூச்சிரைப்பு, இல்லையென்றால் மலைக்காற்று. மேடேறி வந்த வேகம் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அடங்கிவிடும். சமவெளியிலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு வந்தவருக்கு முதல் சில நாட்கள் துடிப்பு சற்றுக் கூடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு மலையைக் காரணம் காட்ட முடியாது.

அப்படி வந்த 24 வயதுப் பெண் ஒருவரின் பரிசோதனைகளை, அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இங்கே எழுதுகிறேன். அவருக்கு உட்கார்ந்த நிலையில் நாடி 112. இரத்த அழுத்தம் 114/74. காய்ச்சல் இல்லை, கை நடுக்கம் இல்லை, கழுத்தில் வீக்கம் இல்லை, கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கவில்லை. துருவிக் கேட்டபோதுதான், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஏறும்போது நெஞ்சு படபடப்பதாகவும், ஓராண்டாகவே மாலையில் சோர்ந்துவிடுவதாகவும் சொன்னார்.

முதலில் எடுத்தது இ.சி.ஜி. அதில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் பி அலை அதற்குரிய வடிவத்தில் இருந்தது. அதாவது, துடிப்பு இதயத்தின் இயல்பான தொடக்க இடமான சைனஸ் கணுவிலிருந்தே வருகிறது. வேகம் மட்டுமே மிகை. வேறிடத்திலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு பெரும்பாலும் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும், நிமிடத்துக்கு 150-க்கு மேலும் போகும். அதற்கான மருத்துவம் வேறு. ஆகவே இ.சி.ஜி. எடுக்காமல், நாடியை மட்டும் எண்ணிவிட்டு மாத்திரை எழுதுவதை நான் ஏற்பதில்லை.

அடுத்தது பேச்சு. தாயாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா, ஹார்மோன் மாத்திரை ஏதும் எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்டேன். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே துடிப்பு கூடும். ஹார்மோன் மாத்திரை எடுப்பவருக்கு ஒற்றைக் காலில் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ இருந்தால், நுரையீரல் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும். இவருக்கு இவை எதுவும் இல்லை. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் இல்லையென்றே காட்டியது. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தேநீர், குளிருக்கு அடிக்கடி மூக்கடைப்பு மாத்திரை, தண்ணீரோ மிகக் குறைவு. மூன்றுமே துடிப்பைக் கூட்டக்கூடியவை. மாத்திரையை நிறுத்தி, தேநீரை இரண்டாகக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி ஒரு வாரம் கழித்து வரச்சொன்னேன். நாடி 106-க்கு இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.6, இரத்தசோகை இல்லை. தைராய்டு முடிவுதான் நின்று யோசிக்க வைத்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.2 என்று குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 சற்றுக் கூடியும் இருந்தன. தாளை மட்டும் பார்த்தால் தைராய்டு மிகைச் சுரப்பு என்று முடிவுகட்டி அன்றே மருந்து தொடங்கத் தோன்றும். ஆனால் மிகைச் சுரப்பு உள்ளவர் பெரும்பாலும் இளைப்பார். இவரோ அந்த ஆண்டில் இரண்டு கிலோ கூடியிருந்தார். முடி உதிர்வுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, பயோட்டின் 10 மில்லிகிராம் உள்ள மாத்திரையைக் காட்டினார். அளவு கூடிய பயோட்டின் உடலில் தைராய்டை ஒன்றும் செய்வதில்லை. சில ஆய்வகக் கருவிகளின் அளவீட்டு முறையைத்தான் குழப்பி, இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதுபோல் காட்டுகிறது. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி மறுபடி எடுத்ததில் டி.எஸ்.எச். 2.1 என்று இயல்பாக வந்தது. தைராய்டுப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அவற்றை மருந்தாகவே எண்ணாததால் பலர் சொல்வதில்லை.

அதன்பின் கருவி எதுவும் தேவைப்படாத ஒரு பரிசோதனை. பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியும் அழுத்தமும் பார்த்து, பிறகு எதிலும் சாயாமல் பத்து நிமிடம் நிற்கவைத்து இடையிடையே பார்ப்பது. அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் 30 அல்லது அதற்கு மேல் ஏறி, நிற்கும்போது தலைச்சுற்றலும் சில மாதங்களாக இருந்தால், அது நிற்கும் நிலையில் இதயவேகம் மிகும் வேறொரு கோளாறு. பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கு 40 என்று கொள்வார்கள். இவருக்குப் படுத்தபோது 104, நின்றபோது 126, அழுத்தம் மாறவில்லை. ஏற்றம் 22 மட்டுமே. படுத்திருக்கும்போதே வேகம் இருப்பதுதான் இவரது சிக்கல்.

எனக்கு மிகுதியாக உதவியது, உடலில் பொருத்தும் சிறு கருவியால் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவு. இதைப் பொருத்திக்கொண்டு பலர் நாள் முழுவதும் படுத்தே இருந்துவிடுகிறார்கள். அப்படி எடுத்த பதிவால் பயன் குறைவு. வழக்கமான வேலைகளைச் செய்து, மேடும் ஏறி, எப்போது என்ன செய்தோம், எப்போது படபடத்தது, எப்போது தூங்கினோம் என்று நேரத்துடன் எழுதிவரச் சொன்னேன். நாள் முழுவதற்குமான சராசரி 97. மேடேறும்போது 150 வரை போயிருந்தது. ஏற்றமும் இறக்கமும் படிப்படியாகவே இருந்தன. ஆழ்ந்த தூக்கத்தில் 66 முதல் 72 வரை இறங்கியிருந்தது. தைராய்டு மிகுந்தால் பொதுவாகத் தூக்கத்திலும் நாடி அடங்குவதில்லை. வேறிடத்திலிருந்து ஓயாமல் கிளம்பும் துடிப்பும் இப்படி இயல்பாக இறங்குவதில்லை. எக்கோவில் இதயத்தின் அறைகளும் வால்வுகளும் சுருங்கும் திறனும் நன்றாக இருந்தன.

பகலில் ஓய்வுத் துடிப்பு 100-க்கு மேல், நாள் சராசரி 90-க்கு மேல், தொந்தரவு உண்டு, தேடியும் காரணம் இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் தேவைக்கு மீறிய சைனஸ் வேகத்துடிப்பு என்கிறோம். மற்றவை எல்லாம் இல்லையென்று உறுதியான பின்பே இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே "பயம்தான், மனதைத் தேற்றிக்கொள்" என்று அனுப்புவது இளம்பெண்களுக்கு அடிக்கடி நேர்கிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மனக்கலக்கமும் துடிப்பைக் கூட்டும் என்பதால் அதையும் கேட்டறியத்தான் வேண்டும், ஆனால் பரிசோதனைக்கு மாற்றாக அதைச் சொல்லிவிடக் கூடாது.

முடிவைச் சொன்னதும் தாயார் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணம் பண்ணலாங்களா டாக்டர்?" என்பது. "தாராளமா பண்ணலாம்மா. இதனால உயிருக்கு ஆபத்து வர்றதில்ல, இதயமும் நல்லாத்தான் இருக்கு" என்றேன். இந்நிலையில் பெரும்பாலோருக்கு ஆயுள் குறைவதில்லை. துடிப்பைக் குறைத்தாலும் சோர்வு முழுவதும் போகும் என்ற உறுதியும் இல்லை. அதனால் தண்ணீர், தேநீர்க் குறைப்பு, மெல்ல மெல்லக் கூட்டும் நடைப்பயிற்சி ஆகியவற்றோடு தொடங்கினோம். தொந்தரவு நீடித்தால் பீட்டா தடுப்பான் அல்லது ஐவாப்ரடின் தரலாம். முன்னது ஆஸ்துமா உள்ளவருக்கு ஒத்துவராமல் போகலாம். பின்னது சைனஸ் கணுவின் வேகத்தைக் குறைப்பது, சிலருக்குக் கண்ணில் ஒளி மின்னுவதுபோல் தோன்றச் செய்யும். கருவுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதால் ஐவாப்ரடினைக் கர்ப்பகாலத்தில் தருவதில்லை. ஆகவே பின்னாளில் அம்மருந்து தேவைப்பட்டால், திருமணமான பின் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே வந்து அதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடமே நேராகச் சொல்லி, சீட்டிலும் எழுதிக்கொடுத்தேன்.