நூற்றுக்கு மாற்றிய மதிப்பெண்ணும் இசட் புள்ளியும்

எட்டு மாணவர்கள் வேதியியலில் 20, 40, 40, 40, 50, 50, 70, 90 என்றும், இயற்பியலில் 20, 30, 40, 40, 45, 45, 45, 55 என்றும் மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். வேதியியலில் 70 எடுத்தவரும் இயற்பியலில் 45 எடுத்தவரும் தத்தம் பாடத்தில் எவ்வளவு முன்னிலையில் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

பலரும் முதலில் கையாளும் வழி, பாடத்தின் மிகக் குறைந்த மதிப்பெண்ணைச் சுழியமாகவும் மிக உயர்ந்ததை நூறாகவும் வைத்து இடைப்பட்டவற்றை அதே விகிதத்தில் பரப்புவது. மதிப்பெண்கள் B2 முதல் B9 வரை இருந்தால், விரிதாளில் அது இப்படி அமையும்:

```
=(B2-MIN(B$2:B$9))/(MAX(B$2:B$9)-MIN(B$2:B$9))*100
```

டாலர் குறியை விட்டுவிட்டுச் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் வீச்சும் வரிக்கு வரி நழுவிவிடும். புதிய நெடுவரிசையில் சரியாக 0, 100 ஆகிய இரண்டும் இல்லையென்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வேதியியல் 70, இயற்பியல் 45 ஆகிய இரண்டுமே இம்முறையில் ஏறத்தாழ 71.4 ஆகின்றன. ஆனால் இந்தச் சமன் ஏமாற்றக்கூடியது, ஏனெனில் கணக்கில் பங்கேற்றவை இரு முனைகள் மட்டுமே. நடுவில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சூத்திரம் பார்க்கவேயில்லை. இயற்பியலில் 45 எடுத்தவர்கள் மூவர். வேதியியலில் 70 எடுத்தவரோ ஒருவரே, அவருக்கு அடுத்தவர் 20 மதிப்பெண் பின்தங்கியிருக்கிறார்.

இசட் புள்ளி எல்லோரையும் கணக்கில் கொள்கிறது. மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தால் அதை வகுக்க வேண்டும்.

```
=(B2-AVERAGE(B$2:B$9))/STDEV.P(B$2:B$9)
```

வேதியியலில் சராசரி 50, திட்ட விலக்கம் 20 என்பதால் 70-இன் இசட் புள்ளி 1. இயற்பியலில் சராசரி 40, விலக்கம் 10 என்பதால் 45-இன் இசட் புள்ளி 0.5. வேதியியல்காரரே தெளிவாக முன்னிலையில் இருக்கிறார்.

தேர்வுக்கு வராத ஒன்பதாமவரின் கட்டத்தை வெற்றாக விடாமல் 0 என்று நிரப்பி, சூத்திரங்களின் வீச்சை B$10 வரை நீட்டினால் இரு முறைகளின் வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். வேதியியல் 70-இன் நூற்றளவை 71.4-இலிருந்து 77.8-க்குத் தாவுகிறது, இசட் புள்ளியோ 1-இலிருந்து 1.04-க்கு மட்டுமே நகர்கிறது.

எனினும் இசட் புள்ளி ஒருவரைத் தன் குழுவோடு மட்டுமே ஒப்பிடுகிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு, உயர்தரப் பரீட்சையின் மூன்று பாடங்களது இசட் புள்ளிகளின் சராசரியே பயன்படுகிறது. 2011-இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தது வழக்கில் முடிந்தது. இரு குழுவினருக்கும் தனித்தனியாகக் கணிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அப்படிப் பிரிக்கும்போது இரு குழுக்களின் சராசரியும் சுழியமாகிவிடுவதால், ஒரு குழு மற்றதைவிட உண்மையிலேயே திறன் மிக்கதாக இருந்தாலும் அந்த வேறுபாட்டை இந்த எண்களிலிருந்து கண்டறிய வழியில்லை.