சளியை இறக்க எந்தப் பக்கம் படுப்பது?

பாம்பன் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஓர் அக்கா என்னிடம் இயன்முறை சிகிச்சைக்கு வந்தார். வயது 46. கடல்பாசி எடுப்பது தொழில். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் விஷயமே எனக்குப் பாதி நோயைக் காட்டிவிட்டது. “பாசி பறிக்கத் தலை குனிஞ்சா சளி பொங்கிட்டு வருது டாக்டரம்மா. நிமிந்தா அப்படியே நின்னுருது.”

சின்ன வயதில் கடுமையான நிமோனியா வந்திருக்கிறது. அதற்குப் பிறகு இருமல் அவரை விடவே இல்லை. சி.டி. ஸ்கேனில் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து போயிருந்தன. இதைத்தான் பிராங்கியெக்டேசிஸ் என்கிறோம். நல்ல மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய ரோமங்கள் சளியை மேல் நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். விரிந்து தளர்ந்த குழாயில் அந்த வேலை சரியாக நடக்காது. சளி தேங்கும், தேங்கியதில் கிருமி வளரும், கிருமி குழாயை இன்னும் கெடுக்கும். நம் ஊரில் பழைய காசநோயும் இதற்கு ஒரு பெரிய காரணம். அப்படி வந்தால் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதிதான் கெட்டிருக்கும்.

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு பயிற்சித் தாள் இருந்தது. வேறொரு இடத்தில் கொடுத்தது. கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தி, தலையைத் தாழ்த்திப் படுக்கும் படங்கள் அதில் இருந்தன. அவர் வீட்டில் கட்டிலே இல்லை, பாய்தான். போதாததற்கு நெஞ்செரிச்சல் வேறு. இரண்டு நாள் தலையணைகளை அடுக்கி முயன்றுவிட்டு, புளித்த நீர் தொண்டைக்கு ஏறியதால் விட்டுவிட்டார். பிறகு அவராக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சளி இடது பக்கம் இருக்கிறது என்று சொன்னதால் இடது பக்கமாகவே படுத்து, அதிகாலை நாலு மணிக்கு அரை மணி நேரம் விலா நோகும்வரை இருமுவது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கலயத்தில் இருப்பது வடிய வேண்டும் என்றால் அதைக் கவிழ்க்க வேண்டும். கெட்ட பகுதி மேலே இருந்தால்தான் அங்கே தேங்கியது பெரிய குழாயை நோக்கி இறங்கும். இடது கீழ்ப்பகுதி என்றால் வலது பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தலைக்கு ஒரு தலையணை, முழங்கால் இரண்டும் லேசாக மடங்கி, மேல் கை ஒரு தலையணையை அணைத்தபடி. அவ்வளவுதான். தலையைத் தாழ்த்த வேண்டியதில்லை. சமமாகப் படுத்துச் செய்வதே பெரும்பாலானவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. நெஞ்செரிச்சல், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சளியில் ரத்தம், படுத்தால் மூச்சுத் திணறல், இதில் எது இருந்தாலும் தலைகீழாகச் சாய்வதே கூடாது.

இந்த நிலையை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இது அந்த அக்காவின் ஸ்கேனுக்கு உரியது. மேல்பகுதி கெட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தாலே சளி இறங்கும். வலது நடுப்பகுதி என்றால் இடது பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக் கொஞ்சம் மல்லாந்த மாதிரி சாய வேண்டும். உங்கள் ஸ்கேனைப் பார்த்து எந்தப் பகுதி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூச்சு. படுத்ததும் இருமக் கூடாது. முதலில் அரை நிமிடம் சாதாரண மூச்சு, கையை வயிற்றில் வைத்து, தோளைத் தளர்த்தி. பிறகு மூக்கு வழியாக ஆழமாக இழுத்து, மூன்று விநாடி அடக்கி, தள்ளாமல் தானாக வெளியே விட வேண்டும். இப்படி மூன்று அல்லது நான்கு முறை. அந்த மூன்று விநாடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடக்கும்போது காற்று பக்கத்துச் சின்ன வழிகள் மூலம் சளிக்குப் பின்புறம் போய்ச் சேருகிறது. பின்னால் காற்று இல்லாத சளியை எவ்வளவு இருமினாலும் நகர்த்த முடியாது. மூழ்கிப் பாசி எடுப்பவருக்கு மூச்சடக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு முக்குவது பழக்கமாக இருந்தது. தொண்டையை இறுக்காமல், இழுத்த மூச்சை நெஞ்சு விரிந்த நிலையிலேயே நிறுத்தினால் போதும் என்று திருத்தினேன். அப்புறம் மறுபடி அரை நிமிடம் சாதாரண மூச்சு.

இப்போது ஹஃப். கண்ணாடியில் நீராவி படிய ஊதுவோமே, அதே மாதிரி வாயையும் தொண்டையையும் திறந்து ‘ஹா’ என்று காற்றை வெளியேற்றுவது, கூடவே வயிற்றை உள்ளே இறுக்கி. கன்னம் உப்பக் கூடாது. ‘க்’ என்ற சத்தம் கேட்டால் தொண்டை மூடிக்கொண்டது என்று அர்த்தம், அது இருமல்தான். சரியாக வராதவர்களுக்கு ஒரு சின்ன அட்டைக் குழாயைப் பல்லுக்கு நடுவில் வைத்து அதன் வழியாக ஊதச் சொல்வேன். வாயும் தொண்டையும் தானாகத் திறந்துகொள்ளும்.

இதில் இரண்டு வகை உண்டு. நடுத்தரமாக மூச்சு இழுத்து, நெஞ்சு கிட்டத்தட்டக் காலியாகும் வரை நீளமாக ஊதுவது ஒன்று. இது ஆழத்தில் கிடக்கும் சளியை மேலே ஏற்றும். முழு மூச்சு இழுத்துச் சுருக்கமாக, வேகமாக ஊதுவது இன்னொன்று. மேலே வந்து நிற்பதை இது வெளியே தள்ளும். எதை எப்போது செய்வது என்பதை உங்கள் காதே சொல்லும். நீள ஊதலின் கடைசியில் கரகரப்பு கேட்டால் சளி இன்னும் ஆழத்தில் இருக்கிறது, நீள ஊதலையே தொடருங்கள். ஊதத் தொடங்கியதுமே கரகரத்தால் அது மேலே வந்துவிட்டது. அப்போது ஒரு குறுகிய ஊதல், அதற்கும் வராவிட்டால் ஒரே ஒரு இருமல். சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, மறுபடி சாதாரண மூச்சு, ஊதல், இவை சேர்ந்தது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு ஊதலுக்கு மேல் வேண்டாம். ஊதியபின் நெஞ்சில் விசில் சத்தம் வந்தால் பலமாக ஊதிவிட்டீர்கள். சாதாரண மூச்சுக்குத் திரும்பி, அது அடங்கும்வரை காத்திருங்கள்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். இருமும்போதெல்லாம் சிறுநீர் கசிகிறது என்றார். அதனாலேயே வெளியிடத்தில் சளியை விழுங்கி விழுங்கி அடக்கியிருக்கிறார். பல பெண்களுக்கு இது இருக்கிறது, நாம் கேட்காமல் அவர்கள் சொல்வதில்லை. ஊதுவதற்கு ஒரு கணம் முன்பு, சிறுநீரை அடக்குவது போல இடுப்பின் அடித்தளத் தசையை மேல்நோக்கி இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடியோடு ஊத வேண்டும். சில வாரங்கள் பழகினால் கசிவு நன்றாகக் குறையும்.

என் முன்னால் அவர் முதல்முறை முழுதாகச் செய்தது இப்படி நடந்தது. மூச்சுக்குழாயைத் திறக்கும் இன்ஹேலரைப் பத்து நிமிடம் முன்பே எடுத்துக்கொண்டார். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெந்நீர். (சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரமாவது விட வேண்டும்.) வலது பக்கம் படுத்தார். முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் வரவில்லை, அவருக்கு முகம் வாடிவிட்டது. மூன்றாவது சுற்றில் ஊதலின் கடைசியில் கரகரப்பு. நான்காவதில் ஊதத் தொடங்கியதுமே கரகரத்தது. ஒரு குறுகிய ஊதல், ஒரு இருமல், மஞ்சளாக இரண்டு தேக்கரண்டி வந்து விழுந்தது. ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம். ஆறும் ஏழும் வறண்டு கேட்டன. அடுத்தடுத்து இரண்டு சுற்று வறண்டால் நிறுத்திவிடலாம். மொத்தம் பதினெட்டு நிமிடம். “இவ்வளவுதானா?” என்று கேட்டார். அரை மணிக்கு மேல் யாரும் இழுக்கக் கூடாது, களைத்துவிட்டால் அதற்கு முன்பே நிறுத்தலாம். ஸ்டீராய்டு அல்லது ஆன்டிபயாடிக் இன்ஹேலர் இருந்தால் அதைச் சளி எடுத்த பிறகு எடுங்கள், அப்போதுதான் மருந்து குழாயின் சுவரைத் தொடும்.

காலையும் மாலையும் ஒரு வேளை. பாசிக்குப் போகும் நாட்களில் படுக்க நேரமில்லை என்றால், வல்லத்திலேயோ கரையிலேயோ உட்கார்ந்து இதே சுற்றைச் செய்யலாம். படுக்கும் நிலை கூடுதல் உதவிதான், முக்கிய வேலையைச் செய்வது மூச்சும் ஊதலும்.

சளியைத் துப்ப, மூடி போட்ட ஒரு டப்பா வைத்துக்கொள்ளச் சொன்னேன். அளவுக் கோடு போட்டதாக இருந்தால் நல்லது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு, என்ன நிறம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த நோயில் நன்றாக இருக்கும் நாளிலும் சளி மஞ்சளாக இருக்கலாம், அதனால் நிறத்தை விட நிறத்தின் மாற்றம்தான் சேதி. பயிற்சி தொடங்கிய முதல் வாரம் அளவு கூடும். அது தேங்கியது வெளியேறுவது, பயப்பட வேண்டாம்.

இருமல் கூடுவது, சளி கூடுவது அல்லது கெட்டியாவது, நிறம் கரும்பச்சையாவது, மூச்சு வாங்குவது, சோர்வு, சளியில் ரத்தம். இவற்றில் மூன்று சேர்ந்து இரண்டு நாள் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அக்காவுக்குக் கார்த்திகை மழையில் அப்படி வந்தது. சளி இரண்டு மடங்கு, நிறம் கரும்பச்சை, பாய் விட்டு எழ முடியாத அசதி. முன்பெல்லாம் மருந்துக் கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போடுவார், பத்து நாளில் மறுபடி படுப்பார். இந்தத் தடவை மாத்திரைக்கு முன்பே காலைச் சளியைச் சோதனைக்குக் கொடுத்தோம். எந்தக் கிருமி என்று தெரிந்து மருத்துவர் 14 நாள் மருந்து கொடுத்தார். இந்த நோய்க்குப் பொதுவாக அந்த அளவு தேவைப்படுகிறது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் அதே சளியில் காசநோய்ச் சோதனையும் செய்ய வேண்டும், முன்பே காசநோய்க்கு முழுதாக மருந்து சாப்பிட்டிருந்தாலும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

ரத்தத்துக்கு மட்டும் விதி தனி. சளியில் நூல் மாதிரி ரத்தம் தெரிந்தால் படுக்கும் நிலைகளையும் வேகமான ஊதலையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சளி கலக்காத ரத்தமாக ஒரு தேக்கரண்டி வந்தாலும் உடனே மருத்துவமனை. நிற்காமல் வந்தால் 108. வண்டி வரும்வரை பக்கம் மாறிப் படுக்க வேண்டும், இதைத்தான் அக்காவின் மகளிடம் இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டேன். சளிக்குக் கெட்ட பக்கம் மேலே, ரத்தத்துக்குக் கெட்ட பக்கம் கீழே. அப்போதுதான் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்காது. சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுவது, உதடு நீலமாவது, பேச்சு குழறுவது, இவற்றுக்கும் 108தான்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்தபோது ஊதிக் காட்டச் சொன்னேன். மறுபடி ‘க்’ என்ற சத்தம் வந்தது. நாளாக ஆக எல்லோருடைய ஹஃபும் இருமலாகத் திரும்பிவிடும், அதற்காகவே இந்தச் சந்திப்பு. ஒழுங்காகச் செய்தும் சளி வரவில்லை என்றால் உப்புநீர் நெபுலைசர், ஊதும்போது அதிரும் கருவி என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. அவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அட்டைக் குழாயை மறுபடி கையில் கொடுத்தேன், இரண்டாவது ஊதலிலேயே தொண்டை திறந்துகொண்டது. அடுத்த தேதியைத் தை அமாவாசை கழித்துக் குறித்துக்கொண்டு போனார்.