ஸ்கேலிங் என்றால் பல் வெண்மையாக்கல் இல்லை

தெரிந்த பல் வைத்தியர் ஒருவர், தன்னுடைய கிளினிக்கின் முகநூல் பக்கத்தில் போடுகிற படத்துக்குக் கீழே வரவேண்டிய பத்து வரியை யாரையோ கொண்டு எழுதுவித்து, தமிழ் சரியா என்று பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிகிச்சைக்கு முன், பின் என்று இரண்டு வாய்களின் படம் போடவேண்டாம், விலைக்கழிவு பற்றி எழுதவேண்டாம், சனத்துக்கு விஷயம் விளங்கினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வந்த வரைவின் முதல் வரி இப்படி இருந்தது: "ஸ்கேலிங் எனப்படும் பல் வெண்மையாக்கல் சிகிச்சை பற்றி அறிவோம்."

இந்த மொழிபெயர்ப்பை யாழ்ப்பாணத்தில் எத்தனை பலகையில், எத்தனை துண்டுப் பிரசுரத்தில் பார்த்துவிட்டேன். இது வெறும் சொல் பிழை என்றால் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். போன வருடம் என் மாமி இந்தச் சொல்லை நம்பிப் போய் ஸ்கேலிங் செய்துகொண்டு வந்து, "தம்பி, வெள்ளையாக்கித் தாறம் எண்டு போட்டிருந்தவை, பல்லு அதே மஞ்சள்தான், இப்ப கீழ்ப்பல்லுகளுக்கு நடுவில ஓட்டை வேற தெரியுது" என்று மனம் நொந்து சொன்னவர். வைத்தியர் செய்த வேலையில் பிழை இல்லை. மாமி கேட்டுப் போனது ஒன்று, அங்கே செய்தது இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே பெயர்.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஸ்கேல் என்று ஒலிக்கிற சொற்கள் ஒன்றுக்கு மேல் உண்டு. அளவு என்ற பொருளில் வருவது ஏணியைக் குறிக்கிற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பல் வைத்தியத்தில் வருவது வேறு, அது ஓடு, உமி, செதில் என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மீன் வெட்டும்போது செதில் சுரண்டுகிறோமே, அந்தச் செயல்தான் ஸ்கேலிங். ஒட்டிப்பிடித்த ஒன்றைச் சுரண்டிப் பெயர்த்தல், அவ்வளவுதான். இது தெரியாமல் "பல் அளவிடல்" என்று போட்டவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதைப் படித்து ஒருவரும் ஏமாறப்போவதில்லை. படிக்கிறவர் நம்பிவிடுகிற பிழைதான் கூடாது.

சரி, பெயர்ப்பது எதை? சாப்பிட்ட பின் பல்லின் மேல், முக்கியமாக ஈறு என்றும் சொல்கிற முரசின் ஓரத்தில், கிருமிகள் சேர்ந்து மெல்லிய பசை போல ஒரு படலம் கட்டும். நகத்தால் வழித்தால் வெள்ளையாக வருகிற, நாங்கள் ஊத்தை என்கிற சாமான் அது. தூரிகையால் தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்ட இடத்தில், எச்சிலில் இருக்கிற கல்சியமும் பொஸ்பேற்றும் அந்தப் படலத்துக்குள் படிந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் வராது. கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து, கீழ் முன்பற்களின் உட்புறம், நாக்குப் படுகிற பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் முதலில் கட்டும், ஏனென்றால் நாக்குக்குக் கீழே எச்சில் சுரக்கும் வாய்கள் அதற்குப் பக்கத்தில் இருக்கின்றன. மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும் அதே காரணத்தால்தான். முரசுக்கு மேலே தெரிகிறது மஞ்சளாகச் சுண்ணாம்புக்கட்டி போல இருக்கும், முரசுக்கு உள்ளே ஒளிந்திருப்பது கறுப்பும் பழுப்புமாக இன்னும் கெட்டியாக இருக்கும்.

இந்தக் கட்டிக்குத் தமிழில் பற்காரை என்று சொல் இருக்கிறது. நான் கட்டிய சொல் இல்லை, ஏற்கனவே வழங்குகிற சொல். காரை பெயர்ந்த சுவர் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் விளங்காதவர் இல்லை, பழைய கல்வீட்டுச் சுவரில் பூசின சுண்ணாம்புக் காரை திட்டுத் திட்டாகப் பெயர்ந்து நிற்பதைக் கண்டிருப்போம். பல்லில் கட்டுவதும் பெரும்பாலும் கல்சிய உப்புத்தான், கட்டுகிற விதமும் சுவரில் பூச்சு ஒட்டுவது போலத்தான், வெளியே வருகிற விதமும் பெயர்தல்தான். ஆகவே ஸ்கேலிங் என்பது பற்காரை நீக்கல். பேச்சில் காரை எடுத்தல் என்றால் போதும்.

பற்கல் என்று சொல்லலாமே என்று அந்த வைத்தியரே கேட்டார். கல்குலஸ் என்ற இலத்தீன் மருத்துவச் சொல்லுக்குச் சிறுகல் என்றுதான் பொருள், அதனால் அது பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் கல் என்றால் எங்கள் சனத்துக்குச் சிறுநீரகக் கல்தான் நினைவுக்கு வரும், தனியாக உருண்டு கிடக்கிற ஒன்று, ஒருமுறை எடுத்துவிட்டால் முடிந்தது என்று. காரை என்றால் திரும்பவும் பூச்சுப் போலப் படியும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இனி வெண்மையாக்கலுக்கு வருகிறேன். இதை ஆதரிக்கிறவர்கள் சொல்வது, "காரையும் கறையும் போனால் பல் வெள்ளையாகத்தானே தெரியும், சனத்துக்கு விளங்குகிற சொல்லைப் போட்டால் என்ன" என்பது. கறை போவது உண்மை. வெற்றிலை போடுகிறவர்களின் பல்லில் ஏறியிருக்கிற காவி, தேத்தண்ணிக் கறை, புகையிலைக் கறை எல்லாம் மேற்பரப்பில் இருப்பவை, காரையோடு கணிசமாக வந்துவிடும். ஆனால் பல்லின் சொந்த நிறம் மேலே ஒட்டியிருக்கிற ஒன்றில்லை. மேலே இருக்கிற, எனாமல் எனப்படும் மிளிரி ஓரளவுக்கு ஒளி ஊடுருவக் கூடியது, அதற்கு உள்ளே இருக்கிற பன்முதல் என்ற படை மஞ்சள் நிறம், வயது போகப்போக மிளிரி தேய்ந்து உள் மஞ்சள் கூடத் தெரியும். மாமிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய மஞ்சள் அந்த மஞ்சள். அதை வெளிற வைப்பதற்குப் பெரொக்சைட்டுச் சேர்ந்த மருந்தைப் பல்லில் வைத்து நிறப்பொருளைச் சிதைக்கவேண்டும், அது தனிச் சிகிச்சை, அதற்கு வெளிறச் செய்தல் என்று தனிப் பெயர் இருக்கவேண்டும். ஸ்கேலிங் கருவி செய்வது வேறு வேலை. அதன் நுனி விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அதிர்ந்து காரையை உடைக்கும், கூடவே தண்ணீர் பாய்ந்து சூட்டைத் தணிக்கும், மிச்சத்தை வைத்தியர் கையால் சுரண்டி எடுப்பார். இதில் எந்த இடத்திலும் பல்லின் நிறம் மாறுவதில்லை.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. முன், பின் படம் போடமாட்டேன் என்று முடிவெடுத்த வைத்தியருக்கு, வெண்மையாக்கல் என்ற ஒரே சொல் அந்த இரண்டு படத்தையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. முன்பு மஞ்சள், பின்பு வெள்ளை என்ற வாக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. படம் போடாததற்கு அவர் சொன்ன காரணம் நல்ல காரணம்: வாய் திறந்தபடி இருந்து, காற்றடித்துக் காயவைத்த பல் கொஞ்ச நேரத்துக்கு இயல்பைவிட வெளிறித் தெரியும், நனைந்ததும் பழைய நிறத்துக்கு வந்துவிடும், அந்த நேரத்தில் எடுத்த படம் சிகிச்சையின் பலனைக் காட்டாது. இவ்வளவு யோசிக்கிறவரின் முதல் வரியில் அந்தச் சொல் நிற்கலாமா?

பல் சுத்திகரிப்பு என்ற சொல்லும் எனக்கு உவப்பில்லை. வீட்டில் தூரிகையால் செய்வதும் சுத்தம்தான். அதுவே போதாதா என்று ஒருவர் கேட்டால், தூரிகைக்கு வராதது எது என்று அந்தச் சொல் சொல்லாது. நாங்கள் பேசும்போது பல்லுக் கிளீன் பண்ணுறது என்கிறோம், பேச்சுக்கு அது பரவாயில்லை, விளக்கம் எழுதுகிற இடத்தில் போதாது.

மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்த ஊர் இது. அவரும் அவருடைய மாணவர்களும் ஒவ்வொரு உறுப்புக்கும் நோய்க்கும் சொல் தேடினார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்கள் வேறெங்கோ எழுதப்பட்டதை எடுத்து அப்படியே ஒட்டுகிறார்கள். வந்த வரைவில் முரசு என்ற சொல்லே இல்லை, எல்லா இடத்திலும் ஈறு. ஈறு நல்ல தமிழ்தான், தமிழகத்தில் அதுதான் வழக்கு. ஆனால் முரசு வீங்கியிருக்கு, முரசு கரைஞ்சு போச்சு என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிற ஆச்சிக்கு எழுதுகிறபோது ஏன் அந்த ஆச்சியின் சொல்லை விடவேண்டும்?

வரைவின் கடைசியில் பொறுப்புத் துறப்பு என்று தலைப்பிட்டு, "இதில் கூறப்பட்டவற்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது" என்று ஒரு வரி. நோயாளிக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த விளக்கம் எதற்குப் போதாது, யார் கவனமாக இருக்கவேண்டும் என்றல்லவா அங்கே சொல்லவேண்டும்? தலைப்பை "கவனிக்க" என்று மாற்றினேன். நான் திருத்தி அனுப்பியது இது:

"ஸ்கேலிங் என்பது பற்காரை நீக்கல். பல்லில் இறுகிப்போன காரை தூரிகையால் வராது, அதைக் கருவியால் பெயர்த்து எடுப்போம். காரை முரசு ஓரத்தில் இருந்தால் முரசு வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் வரலாம். காரை எடுத்த பின் சில நாட்களுக்குப் பல் கூசலாம். காரை அடைத்திருந்த இடம் வெறுமையாவதாலும் வீங்கியிருந்த முரசு வற்றுவதாலும் பல்லிடை வெளி தெரியலாம், அது பல் தேய்ந்ததால் வருவதில்லை. மேற்பரப்புக் கறை குறையும், பல்லின் இயற்கை நிறம் மாறாது. கரைந்துபோன தாடை எலும்பு இதனால் திரும்ப வளராது.

கவனிக்க: இது பொது விளக்கம் மட்டும். உங்கள் வாயைப் பார்க்காமல் உங்களுக்கு என்ன தேவை என்று சொல்ல முடியாது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள் சிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லவேண்டும். பல் ஆடினாலோ, முரசில் சீழ் வந்தாலோ, முகம் வீங்கினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நேரே வாருங்கள்."

வைத்தியர் ஒரேயொரு மாற்றம்தான் கேட்டார். ஸ்கேலிங் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கவேண்டும், சனம் அதைச் சொல்லித்தான் நேரம் பதிகிறது என்றார். அது நியாயம், அப்படியே வைத்துவிட்டேன். மாமிக்கும் இதை வாசித்துக் காட்டினேன். பல்லிடை வெளி பற்றிய வரி வந்தபோது நிறுத்தச் சொல்லி, அதைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னவர்.