வேரழுகல்: சொல்லும், படத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வழியும்

மழை பிடித்துவிட்டால் பெங்களூரு பால்கனிகளில் தொட்டிச்செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். செடியைப் பிடுங்கி, வேரைப் படமெடுத்து அனுப்பி, "இது ரூட் ராட்டா?" என்று கேட்பார்கள். ரூட் ராட் என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் வேரழுகல். அழுகு என்ற வினையிலிருந்து அழுகல், அதோடு வேர் சேர்ந்து வேரழுகல். வேளாண் நூல்களில் 'வேர் அழுகல் நோய்' என்று பிரித்தும் எழுதுவார்கள், அதுவும் சரிதான். இங்கே நர்சரியில் கன்னடத்தில் கேட்டால் 'பேரு கொளெ' என்பார்கள். பேரு நம் வேர், கொளெ என்றால் அழுகல். கர்நாடக மலநாட்டுப் பாக்கில் வரும் கொளெ ரோகத்திலும் அதே கொளெதான், ஆனால் அங்கே அழுகுவது காய். வேரை அழுக வைக்கும் உயிரிகளில் முக்கியமானது பித்தியம்; அந்தப் பெயரே அழுகுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனால் உண்மையான பூஞ்சை இல்லை. அதன் வித்துகள் நீரில் நீந்திப் போய் வேரைத் தொற்றும், அதனால்தான் வடியாத தொட்டியில் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது.

அழுகல் என்றால் திசு குழைந்து நைந்து போவது. தண்ணீர் இல்லாமல் செத்த வேரும் பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் அது சுருங்கி, வளைத்தால் பொட்டென்று ஒடியும். அதைக் காய்ந்த வேர் என்றே சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், தண்ணீர் கேட்கிற செடிக்கு தண்ணீரை நிறுத்திவிடுவோம்.

படத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை, அதுதான் அதிகம் ஏமாற்றும். நல்ல வேர் வெள்ளையாகவோ பாலேடு நிறத்திலோ இருக்கும் என்பது பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும், ஆனால் இங்கத்திய செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் நல்ல வேரிலும் சாயமேற்றிவிடும், வீட்டு மஞ்சள் விளக்கில் எடுத்தால் எல்லாமே பழுப்பு. டிரசீனாவுக்கு இயல்பிலேயே ஆரஞ்சு வேர். அதனால் வேரைத் தண்ணீரில் அலசி, வெள்ளைத்தாளில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைத்தாள் வெள்ளையாகத் தெரியாத படத்தில் வேரின் நிறத்தை நம்ப வேண்டாம்.

கெட்டித்தன்மையைப் படத்தில் தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் அதன் தடயம் தெரியும். உறுதியான வேர் தன் வளைவை விடாமல் தாளைவிட்டு எழும்பி நிற்கும், கீழே நிழல் விழும், நுனி வெளுத்து உருண்டிருக்கும். அழுகிய வேர் ஈரத்துணி போல ஒன்றோடொன்று ஒட்டித் தாளில் தட்டையாகப் படியும். இன்னும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: வேரின் வெளித்தோல் உறை கழன்றது மாதிரி உருவி வந்து, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இது தெரிந்தால் அந்த வேர் போனதுதான். இரண்டு விரலால் ஒரு வேரைப் பிடித்து மெதுவாக உருவும்போது இன்னொரு படம் எடுக்கச் சொன்னால் சந்தேகமே மிஞ்சாது.

ஒயிட்ஃபீல்டில் இருக்கிற ஒரு அக்கா மணி பிளாண்ட்டின் படம் அனுப்பினார். முதல் படத்தில் ஒரே பழுப்பு முடிச்சு, பால்கனி டியூப்லைட் வெளிச்சம், மண்ணும் அப்படியே. "போச்சுன்னு தூக்கிப் போட்டுடவா?" என்றார். கழுவி, காலையில் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் தொட்டியின் அடியில் சுருண்டு கிடந்த வேர்களெல்லாம் தாளில் படிந்து, சில இடங்களில் நூல் வெளியே வந்திருந்தது. தண்டை ஒட்டிய மூன்று நான்கு வேர்கள் மட்டும் விறைப்பாக நின்றன. பழுப்புதான், ஆனால் நுனி வெள்ளை. மேல்வேர்களின் நிறம் செம்மண் சாயம், அழுகல் அடிப்பகுதியோடு நின்றிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

அழுகிய வேரை வெட்டும்போது மூன்றாவது படம் கேட்டேன், வெட்டுமுகம் நெருக்கமாகத் தெரியும்படி. முதல் வெட்டில் நடுவே பழுப்புப் புள்ளி இருந்தது, ஒரு விரல்கடை மேலே போய் வெட்டியதும் முழுக்க வெள்ளை. அங்கேதான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டியில், நன்றாக வடிகிற புது மண்ணில் வைத்தார்.

வாடையை மட்டும் அக்காவிடமே கேட்டேன், சாக்கடை நாற்றம் என்றார். இது பித்தியமா, வேறு கிருமியா, காற்றில்லாமல் வேர் மூச்சடைத்துச் செத்ததா என்பதைப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஆய்வகம்தான் வேண்டும், அதனால் படத்தைப் பார்த்தே ஒரு மருந்தின் பெயரைச் சொல்கிறவர் பேச்சைக் கேட்டு அதை வாங்கி ஊற்றாதீர்கள்.