டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும்போது மாதவிடாய் எப்படி நிற்கிறது, ரத்தம் ஏன் மறுபடி தென்படுகிறது?

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை தொடங்கிய திருநம்பிகளில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலேயே மாதவிடாய் நின்றுவிடும். சிலருக்கு ஓர் ஆண்டு வரைகூட ஆகலாம்.

இது இரண்டு இடங்களில் நடக்கும் வேலை. முதல் இடம் மூளை. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடியதும், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களைப் பிட்யூட்டரி சுரப்பி குறைத்துக்கொள்கிறது. கருமுட்டை வெளிவருவது தடைபடுகிறது; மாதாமாதம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஏறி இறங்கும் சுழற்சி குலைகிறது. இரண்டாவது இடம் கருப்பை. டெஸ்டோஸ்டிரோன் அதன் உட்படலத்தில் நேரடியாகவும் செயல்பட்டு, அதை வளரவிடாமல் மெலியவைக்கிறது. உதிர்வதற்குத் தடித்த படலமே இல்லாதபோது மாதவிடாய் ஏது?

ஆனால் மூளையில் விழும் பூட்டு அவ்வளவு இறுக்கமானதல்ல. மாதவிடாய் நின்றவர்களுக்கும் எப்போதாவது கருமுட்டை வெளிவரலாம். அதனால்தான் டெஸ்டோஸ்டிரோனைக் கருத்தடையாக நம்பக் கூடாது.

சரி, எட்டு மாதமாக ஒன்றுமில்லாத ஒருவருக்குத் திடீரென உள்ளாடையில் பழுப்புக் கறை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 14 நாளுக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் ஊசி போடுபவர். காலண்டரைப் பார்த்தால் கறை எப்போதும் 12, 13ஆம் நாளில்தான் வருகிறது. ஊசி போட்ட முதல் சில நாட்களில் உச்சம் தொடும் அளவு, அடுத்த ஊசி நெருங்கும்போது வெகுவாக இறங்கிவிடும். அந்தச் சரிவில் பூட்டு தளர்கிறது. அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தம் எடுத்துச் சோதித்தால் இது தெரிந்துவிடும். அப்புறம் மருத்துவர் அதே மருந்தை வாரம் 100 மில்லிகிராமாகப் பிரித்துக் கொடுப்பார். மொத்த அளவு மாறாது, பள்ளம் மட்டும் ஆழம் குறையும். ஊசியை மறந்தாலும் தள்ளிப்போட்டாலும் இதே கதைதான்.

ரத்த அளவு சீராக இருந்தும் கறை வந்தால்? அங்கே காரணம் நேர்மாறாக இருக்கலாம். மிகவும் மெலிந்த உட்படலத்தில் ரத்த நாளங்கள் பலவீனமாகி, அங்கங்கே கசியும். யோனிச் சுவரும் மெலிந்து உலர்வதால், உராய்வில் அங்கிருந்தும் ரத்தம் வரலாம். இதைக் கருப்பையிலிருந்து வருவதாக நினைத்துக் குழம்புவோர் உண்டு. மெலிவுதான் சிக்கல் என்றால் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிப் பயனில்லை. அதிலும் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறும் என்பதால், தாமாகவே அளவைக் கூட்டுவது புத்திசாலித்தனமல்ல. கருப்பைக் கசிவுக்கு நோரெத்திஸ்டிரோன் மாத்திரையோ, லெவோநோர்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பைச் சாதனமோ மருத்துவர் தரலாம். யோனி உலர்வுக்கு அங்கு மட்டும் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. அதில் உடலுக்குள் சேரும் அளவு மிகக் குறைவு.

ஓர் ஆண்டுக்கு மேல் நின்றிருந்து திரும்ப வரும் ரத்தத்தை மட்டும் மருந்தளவின் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. கர்ப்பம், தொற்று, பாலிப், நார்த்திசுக் கட்டி, அரிதாகப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் இதே அறிகுறிதான். கர்ப்பச் சோதனையும் ஸ்கேனும் முதலில் செய்ய வேண்டியவை. உட்படலத்தின் தடிமனை ஸ்கேனிலேயே அளந்துவிடலாம். யோனி வழியாக ஸ்கேன் எடுப்பது சங்கடமாக இருந்தால், வயிற்றின் மேலிருந்தே எடுக்கும்படி கேட்கவும் செய்யலாம்.