அணிக்குப் பெயர் வைக்கும் முன் சட்டையை அளந்து பாருங்கள்

பள்ளி மாணவர்களின் ரோபாட்டிக்ஸ் அணிகளுக்குச் சட்டை, பேனர், சின்னம் ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஒன்றிரண்டு போட்டிகளில் நடுவர் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெரும்பாலான அணிகள் போட்டிக்குப் பெயரைப் பதிவு செய்து முடித்த பிறகுதான் வடிவமைப்பாளரிடம் வருகின்றன. அதற்குப் பிறகு எழுத்துருவை மாற்றலாம், வண்ணத்தை மாற்றலாம். நீளமான பெயரைக் குட்டையாக்க யாராலும் முடியாது.

ஒரு அணியின் கதையை விரிவாகச் சொல்கிறேன். பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலான எட்டுப் பேர். அவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பெயர் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் ரோபோ வாரியர்ஸ்’. நல்ல வேளையாக, பதிவுக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இந்தப் பெயருக்கு 26 எழுத்துகள், சொற்களுக்கு இடையில் மூன்று இடைவெளிகள். ஆக 29 இடங்கள். சட்டையின் மார்புப் பகுதியில் அச்சிடக் கிடைக்கும் அகலத்தை எப்போதும் அணியிலேயே சிறிய உருவம் கொண்ட பிள்ளையின் சட்டைதான் முடிவு செய்யும். ஏனென்றால் எல்லா அளவுச் சட்டைகளுக்கும் ஒரே அளவு வடிவத்தைத்தான் பயன்படுத்துவார்கள். இந்த அணியில் அது 26 சென்டிமீட்டர். அந்த அகலத்தில் 29 இடங்களை ஒரே வரியில் அடக்கினால் எழுத்தின் உயரம் ஒன்றேகால் சென்டிமீட்டர்கூட வராது.

பெயர்ப்பலகை எழுதுபவர்கள் கையாளும் ஒரு கணக்கு இருக்கிறது. சிரமமில்லாமல் படிக்க வேண்டுமானால், மூன்று மீட்டர் தூரத்துக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் எழுத்து உயரம் தேவை. அப்படியானால் அந்தச் சட்டையை ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்றால்தான் வசதியாகப் படிக்க முடியும். நடுவர் அந்தத் தூரத்தில் நிற்பார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பிள்ளைகள் அசைந்துகொண்டே பேசுவார்கள், கையில் கட்டுப்பாட்டுக் கருவியை மார்போடு சேர்த்துப் பிடித்திருப்பார்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். இவற்றுக்குப் பின்னால் ஒன்றேகால் சென்டிமீட்டர் எழுத்து இருக்கும் இடமே தெரியாது. இரண்டு வரியாக உடைத்தால் எழுத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் சின்னம் வைக்க இடம் மிஞ்சாது. முதுகுப் பக்கத்துக்கு மாற்றலாமே என்று கேட்டார்கள். அங்கே அணி எண்ணும், பண உதவி செய்தவர்களின் சின்னங்களும் வர வேண்டும். அவற்றைச் சுருக்கினால் அடுத்த ஆண்டு உதவி கேட்கப் போக முடியாது.

“அப்படியென்றால் முதலெழுத்துகளை மட்டும் போட்டுவிடலாமா அண்ணா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த நான்கு எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சேர்த்துச் சொல்லவே வரவில்லை. உச்சரிக்க வராத சுருக்கத்தை அரங்கில் யாரும் கூவ மாட்டார்கள், நடுவர் நினைவிலும் அது தங்காது.

நடுவர் மேசையில் என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயரின் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு மாணவர்களுக்கு நடத்தும் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் ஒரு அணிக்கு நேர்காணல் பத்து நிமிடம் அளவில்தான் கிடைக்கும். அடுத்தடுத்து அணிகள் வந்து போகும். பிறகு நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, எந்த விருதுக்கு யாரைப் பரிந்துரைப்பது என்று பேசுவார்கள். காகிதத்தில் எல்லாமே அணி எண்ணின்படிதான் இருக்கும். ஆனால் பேச்சில் எண் வருவதில்லை. “அந்தத் தேனீ அணி சென்சார் கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார்கள், பார்த்தீர்களா?” என்றுதான் ஒருவர் தொடங்குவார். மற்றவர்களுக்கு உடனே அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரும். ‘ரோபோ’, ‘டெக்’, ‘சைபர்’, ‘மெக்’ என்று தொடங்கும் நான்கைந்து அணிகள் ஒரே பட்டியலில் இருந்தால், எந்த அணி எதைச் செய்தது என்பதிலேயே குழப்பம் வரும். குறிப்பைப் புரட்டிச் சரிசெய்துகொள்வார்கள், உண்மைதான். ஆனால் அந்த அணிக்காகப் பேச வேண்டிய நேரம் அதில் கரைந்துவிடும். பெயரால் விருது கிடைக்காது. நல்ல வேலை செய்த அணியைத் தயக்கமில்லாமல் நினைவுகூர வைப்பதுதான் பெயரால் ஆகிற காரியம்.

‘ரோபோ’ என்ற சொல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே அமைப்பு நடத்தும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 118ஆம் எண் அணியின் பெயர் ‘ரோபோநாட்ஸ்’. அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தின் ஆதரவில் வளர்ந்த அணி அது. அந்தப் பெயரின் பின்பாதி, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. 33ஆம் எண் அணியான ‘கில்லர் பீஸ்’ தேனீயின் கறுப்பையும் மஞ்சளையும் அடையாளமாகவே வைத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தாலே யாரென்று தெரிகிறது. இரண்டிலும் பெயரே வடிவமைப்பாளருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்பதற்கு நான் என்ன படம் வரைவது?

எட்டுப் பேரும் மறுபடி யோசித்தார்கள். இரண்டாவது சுற்றில் ‘ரெட் டிராகன்ஸ்’ வந்தது. குட்டையான பெயர், படமும் வரும். ஆனால் இந்தப் போட்டிகளில் ஆட்டம் சிவப்புக் கூட்டணிக்கும் நீலக் கூட்டணிக்கும் இடையில் நடக்கிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் பக்கம் மாறும். நீலக் கூட்டணியில் ரெட் டிராகன்ஸ் என்று அறிவிப்பாளர் சொல்லும்போது, பார்ப்பவர்கள் ஒரு கணம் தடுமாறுவார்கள். சிவப்பும் நீலமும் பெயரில் வேண்டாம். அதே காரணத்துக்காகப் பெயரில் எண்ணும் வேண்டாம். போட்டியை நடத்தும் அமைப்பு தரும் அணி எண் ஏற்கெனவே பேனரில் பெரிதாக நிற்கும். பக்கத்தில் இன்னொரு எண் வந்தால் எது பதிவு எண் என்று தெரியாது.

மூன்றாவதாக வந்த ‘கவண்’ எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. அவர்களின் ரோபோ பந்துகளை எறியும், அதனால் அந்தப் பெயர். ஆனால் இந்தப் போட்டிகளில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஆட்டம் மாறும். இந்த ஆண்டு பந்து எறிவது, அடுத்த ஆண்டு பெட்டி அடுக்குவதாக இருக்கலாம், கம்பியில் தொங்குவதாகவும் இருக்கலாம். அணி எண் தொடரும், பெயரும் தொடரும், எறியும் கருவி மட்டும் இருக்காது. அப்போது நடுவர் பெயர்க் காரணம் கேட்டால், முன்பு ஒரு ரோபோ செய்தோம் என்று பழங்கதை சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஆண்டின் இயந்திரத்தை வைத்து அணிக்குப் பெயர் சூட்டாதீர்கள்.

கடைசியில், அதுவரை அதிகம் பேசாத பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் “நண்டு” என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். காரணத்தை அவன் சொன்னபோது சிரிப்பு நின்றது. அவர்களின் ரோபோ மெக்கானம் சக்கரங்களில் பக்கவாட்டில் நகரக்கூடியது. அதோடு, நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட வேண்டும். நாமும் ஒவ்வொரு ஆண்டும் ரோபோவைக் கழற்றிவிட்டுத்தானே புதிதாகக் கட்டுகிறோம் என்றான். சக்கரம் மாறினாலும் இரண்டாவது காரணம் மாறாது. நேர்காணலில் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம், எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்யாமல் சொல்லலாம். நடுவரின் அடுத்த கேள்வி, எதைக் கழற்றினீர்கள், ஏன் கழற்றினீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அவர்கள் சொல்ல ஆசைப்படுவதும் அதைத்தானே!

இருந்தாலும் சோதிக்காமல் முடிவு செய்யவில்லை. வெளியாள் ஒருவருக்குத் தொலைபேசியில் பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னோம். ஐந்து எழுத்துகளும் சரியாக வந்தன. தமிழ்ப் பெயர் வைக்கும் அணிகளுக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. ழகரம் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அதை எப்படி வாசிப்பது என்று வெளியூர் அறிவிப்பாளருக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு வேறு விதமாகக் கூப்பிடுவார். அடுத்து, பாட்டை உரக்க ஓடவிட்டு, அறையின் மறுகோடியிலிருந்து பெயரைச் சொல்லிப் பார்த்தோம். போட்டி அரங்கின் இரைச்சலில் முதல் அசை காதில் விழுந்தாலே போதும் என்கிற பெயர்தான் பிழைக்கும். பிறகு அணிகளின் பட்டியல் உள்ள இணையதளங்களில், தாங்கள் கலந்துகொள்ளும் போட்டியில் அதே பெயரோ, காதுக்கு ஒரேபோல ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று தேடினார்கள். நிறுவனத்தின் பெயரையோ கார்ட்டூன் பாத்திரத்தையோ எடுத்துக்கொண்டால் உரிமைச் சிக்கல் வரும். அதற்கு இங்கே இடமே இல்லாமல் போனது.

சட்டையில் இப்போது எழுத்தின் உயரம் ஆறு சென்டிமீட்டர். ஏழு மீட்டர் தூரத்திலிருந்து தெரியும். இரண்டு கொடுக்குகளையும் தடித்த கோட்டில், ஒரே வண்ணத்தில் வரைந்தேன். குறைந்த எண்ணிக்கையில் சட்டை செய்யும்போது பெரும்பாலும் வினைல் வெட்டித்தான் ஒட்டுவார்கள். மிக மெல்லிய கோடுகள் சில சலவைகளிலேயே உரியத் தொடங்கலாம். நண்டின் கால்களை எட்டாக வரைய வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். உயிரியல் அவர்கள் பக்கம். கால்களைச் சற்றுத் தடிப்பாக்கி எட்டையும் வைத்தேன்.

பேனரில் பெயரையும் எண்ணையும் மேல் மூன்றிலொரு பங்குக்குள் அடக்கினோம். அணியின் இடத்தில் முன்னால் மேசை இருக்கும், அதன்மேல் ரோபோ இருக்கும், சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். பேனரின் கீழ்ப்பாதியை யாரும் பார்ப்பதில்லை. அங்கே வெறும் அலை மட்டும் வரைந்தேன். ஆண்டையும், அந்தப் பருவ ஆட்டத்தின் பெயரையும் பேனரில் போட வேண்டாம் என்றேன். அவற்றைத் தனிக் காகிதத்தில் அச்சிட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் அந்தக் காகிதத்தை மட்டும் மாற்றினால் போதும்.